திகதியை மாற்ற முடியாதாம்: யாருடைய திகதியை?

 

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றபோது நம்மவர் ஒருவர் சொன்னார்: "அந்தப் பொடியனுக்கு நஸீப் இல்ல, விடுங்க." இன்னொருவர், "ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல இன்டர்வியூ வந்தா யார்தான் என்ன செய்ற?" என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டு வாயை மூடி வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்று சொல்வது, இஷாவுக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சிலரை. அந்தத் தம்பியின் கதை ஆரம்பம் முதல் எங்களுக்குத் தெரியும். அது நஸீப் அல்ல. ஒரு கடிதத்தின் கடைசி வரியும், நம் சமூகத்தின் ஒரு பழைய பழக்கமும் சேர்ந்து செய்த வேலை.

தம்பி ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கடைவீதியில் பிறந்தவர். வாப்பா மௌத்தாகி பல வருடம். வெளிவாரியாகப் படித்துப் பட்டம் எடுத்தார். அரச பதவி ஒன்றுக்கான போட்டிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார். எந்தப் பதவி, எந்தச் சபை என்று இங்கே எழுதமாட்டோம். பிள்ளையின் மேன்முறையீடு இன்னும் மேசையில் கிடக்கிறது.

அதே 2025இல் அவருடைய உம்மாவுக்கு ஹஜ் கிடைத்தது. நம் நாட்டுக்கு அந்த வருடம் கிடைத்த இடம் மூவாயிரத்து ஐந்நூறு. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்போர் எத்தனை பேர் என்பது நம் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் தெரியும். முட்டிவலியோடு நடக்கும் உம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது. மகன் கூடப் போக வேண்டும் என்று குடும்பமே தீர்மானித்தது. மே 24 சனிக்கிழமை விமானம்.

இனி அந்த அழைப்புக் கடிதத்தின் பயணத்தைப் பாருங்கள். கடிதத்தில் இட்ட திகதி மே 7. தபால் முத்திரை மே 9, வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் போயின. திங்களும் செவ்வாயும், 12ஆம் 13ஆம் திகதிகள், வெசாக் விடுமுறை. ஊர்த் தபாலகத்துக்கு வந்து சேர்ந்தது 15ஆம் திகதி. அங்கிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. அவருடைய விலாசத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் எப்படி வரும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறோம்: லயத்துக்குத் தெருவும் இல்லை, கதவிலக்கமும் இல்லை. தபால் பை தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே யாராவது பிரித்து, இன்னாருக்கு வந்திருக்கிறது என்று ஆள் சொல்லி அனுப்ப வேண்டும். அப்படிச் சொல்லி அனுப்பி, கையெழுத்து வைத்து, கடிதம் தம்பியின் கைக்கு வந்தது 17ஆம் திகதி சனிக்கிழமை. எழுதிய நாளிலிருந்து பத்தாம் நாள்.

நேர்முகப் பரீட்சை மே 27, செவ்வாய்க்கிழமை. விமானம் ஏறி மூன்றாம் நாள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. இந்தத் திகதி எக்காரணம் கொண்டும் மாற்றப்படமாட்டாது, சமுகமளிக்காதோர் பதவியை விரும்பவில்லை எனக் கருதப்படுவர் என்ற பொருளில் எழுதியிருந்தது. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். வாசித்தவுடன் கை கால் நடுங்கும்.

இந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நேர்முகப் பரீட்சை என்ற ஒரே பெயருக்குள் நம் நாட்டு ஆட்சேர்ப்பில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. இதை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. சபைகளும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

முதலாவது, பொது நேர்முகப் பரீட்சை. சேவைப் பிரமாணக் குறிப்பிலும் வர்த்தமானி அறிவித்தலிலும் அதற்கு எதிரே "புள்ளிகள் வழங்கப்படமாட்டாது" என்று இருக்கும். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் பத்திரம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் கேட்பார்கள். அவ்வளவுதான். இரண்டாவது, கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை. அதில் மேலதிகத் தகைமை, அனுபவம், பேச்சு எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. மூன்றாவது, செயன்முறைப் பரீட்சை. ஆசிரியர் பதவி என்றால் சில நிமிடம் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

இந்த மூன்றுக்கும் திகதி மாற்றக் கேட்டால் மூன்று விதமான பதில்தான் நியாயம். புள்ளி போடும் பரீட்சையில் சபை கண்டிப்பாக இருப்பது எங்களுக்கு விளங்குகிறது. முதல் நாள் போனவர் கேள்விகளை வெளியே வந்து சொல்லிவிடுவார், பிந்திப் போகிறவருக்கு அது வாய்ப்பாகிவிடும். வேறு குழு இருந்தால் புள்ளி போடும் கையும் மாறிவிடும். இந்தியாவில் யூபிஎஸ்சி சிவில் சேவை ஆளுமைத் தேர்வின் திகதியை மாற்றும் கோரிக்கையை ஏற்பதில்லை என்று அறிவிக்கிறது. அந்தத் தேர்வுக்கு 275 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணில் ஒருவர் கலெக்டர் ஆகிறார், மற்றவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே அந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் தம்பிக்கு வந்த அழைப்பு பொது நேர்முகப் பரீட்சைக்கு. புள்ளி பூச்சியம். பிறப்புச் சான்றிதழ் 27ஆம் திகதி சொல்வதைத்தான் 23ஆம் திகதியும் சொல்லும். முந்திப் போனவர் வெளியே வந்து எந்தக் கேள்வியைக் கசியவிடுவார்? "உன் அடையாள அட்டை எங்கே என்று கேட்டார்கள்" என்றா?

இன்னொன்று. அந்தச் சபை 27ஆம் திகதி மட்டும் உட்காரவில்லை. மே 19 முதல் 30 வரை வார நாட்களில் அதே கட்டடத்தில், அதே மேசையில், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று பிரித்து நடத்தினார்கள். தம்பி நாட்டில் இருந்த நாட்களிலேயே ஐந்து நாள் அந்த மேசை திறந்திருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது திகதியைப் பின்னுக்குத் தள்ளுவதல்ல, முன்னுக்கு எடுப்பது. ஒருவரை முன்னுக்கு எடுத்தால் பட்டியல் ஒரு நாள்கூடத் தாமதமாகாது, புதிதாக ஒரு குழு கூட வேண்டியதில்லை, யாருக்கும் மேலதிகக் கொடுப்பனவு இல்லை. ஒவ்வொரு நாளும் வராதவர்களின் இடம் எப்படியும் சும்மாதான் கிடக்கிறது.

நம் பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை. "பிறகு ஒரு நாள் தாருங்கள்" என்றுதான் எழுதுகிறார்கள். பின்னால் தருவதென்றால் அதிகாரிக்கு அது புதிய வேலை, புதிய கோப்பு, மேலிடத்து அனுமதி. முன்னால் எடுப்பதென்றால் பட்டியலில் ஒரு பெயரை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு மாற்றுவது.

சரி, தம்பி என்ன செய்தார்? 19ஆம் திகதி திங்கட்கிழமை காலையில் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் கடிதத்தின் கடைசி வரியையே வாசித்துக் காட்டினார். எழுத்தில் அனுப்பு என்று சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

அங்கிருந்துதான் நம் பழக்கம் தொடங்குகிறது. கடைவீதிப் பெரியவர் ஒருவர், "இதுக்கெல்லாம் ஏன் அலட்டிக்கொள்ற? நம்ம ஆளுட செக்ரட்டரிய எனக்குத் தெரியும், ஒரு லெட்டர் எடுத்துத் தாரன்" என்றார். நல்லெண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. திங்கள் மாலை போனார்கள், ஆள் கொழும்பில். செவ்வாய் போனார்கள், கூட்டம். புதன் போனார்கள், "லெட்டர் எதுக்கு, நான் கோல் எடுத்துச் சொல்றன்" என்றார்கள். அந்தக் கோல் எடுக்கப்பட்டதா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மூன்று நாள் போனது. சபையின் மேசை திறந்திருந்த ஐந்து நாளில் மூன்று.

வியாழன் இரவுதான் எங்களிடம் வந்தார். அன்றிரவே கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினோம். வெள்ளி காலையில் பதிவுத் தபாலிலும் போட்டோம். ஆனால் பிந்திவிட்டது. முன்னுக்கு எடுப்பதற்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். வியாழன் இரவு போன மின்னஞ்சலை வெள்ளி காலையில் திறந்து, முடிவெடுத்து, ஹட்டனிலிருந்து ஆளைக் கூப்பிட எந்த அலுவலகத்தால் முடியும்? பதில் வரவில்லை. சனிக்கிழமை தம்பி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். மினாவில் இருந்துகூடத் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்திருக்கிறார். நமக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இபாதத் செய்யப் போன இடத்தில் பிள்ளையின் மனம் ஒரு அலுவலகத்து வாசலில் நின்றது.

ஆகஸ்டில் பட்டியல் வந்தது. பெயர் இல்லை. நேரில் போய்க் கேட்டபோது கோப்பை எடுத்துக் காட்டினார்கள். நம் மின்னஞ்சல் அச்செடுக்கப்பட்டு, மே 29 என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. நேர்முகம் முடிந்து இரண்டு நாள் கழித்து "கிடைத்தது". மின்னஞ்சல் போன நேரம் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்து இருபது வருடமாகிறது. ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் சட்ட அங்கீகாரத்தை மறுக்கக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் நம் அலுவலகங்களில் கடிதம் கிடைத்த நாள் என்பது இன்னும் முத்திரை குத்திய நாள்தான்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டோம். அதே ஆட்சேர்ப்பில் எத்தனை பேருக்குத் திகதி மாற்றப்பட்டது, எந்த விதியின்படி என்று கேட்டோம். பதில் வந்தது. "நிர்வாகக் காரணங்களுக்காக" சிலரின் திகதி மாற்றப்பட்டிருக்கிறது. எந்த விதி என்ற கேள்விக்கு நேரே கோடு போட்டிருந்தார்கள்.

ஆகவே எக்காரணம் கொண்டும் மாற்ற முடியாது என்பது உண்மையல்ல. மாற்றுகிறார்கள். யாருக்கு, ஏன் என்பதுதான் எழுத்தில் இல்லை. எங்கள் கோபம் அங்கேதான். சபை சலுகை தரவில்லை என்பதற்காக அல்ல, சலுகையை எழுத்தில் வைக்காமல் வாய்ச்சொல்லில் வைத்திருப்பதற்காக. எழுத்தில் இல்லாத சலுகை யாருக்குப் போகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று ஒரு சட்டத்தரணி நண்பரிடம் கேட்டோம். ஓர் அதிகாரத்துக்கு முடிவெடுக்கும் விருப்புரிமை இருந்தால், அது தனக்கென ஒரு பொது விதியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதி இருக்கிறது என்று சொல்லிக் காதை மூடிக்கொள்ள முடியாது. புதிதாக ஒன்றைச் சொல்ல வருபவரைக் கேட்கத்தான் வேண்டும். பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1970இல் பிரிட்டிஷ் ஒக்ஸிஜன் கம்பனி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. நம் எழுத்தாணைச் சட்டத்தின் வேரும் அங்கிருந்து வந்ததுதான். கேட்டுவிட்டு இல்லை என்று சொல்வது வேறு, கேட்கவே மாட்டேன் என்பது வேறு.

நம் நாட்டில் அரசு தன் திகதிகளை மாற்றியதே இல்லையா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. மிஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. நுவரெலியா மாவட்டத்தில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நாடு முழுவதும் எழுதும் பரீட்சையையே நகர்த்த முடிந்த ஒரு அரசுக்கு, புள்ளி இல்லாத ஒரு சான்றிதழ்ப் பரிசோதனையில் ஒருவரின் பெயரை நான்கு நாள் முன்னுக்கு எடுப்பது முடியாத காரியம் அல்ல.

இனி வீடியோ விசயம். தம்பியின் கதை தெரிந்ததும் நம் இளைஞர்கள் பலர், "ஸூமில் எடுத்திருக்கலாமே, கொரோனா காலத்தில் எல்லாம் ஸூமில்தானே நடந்தது" என்றார்கள். இதில் நாங்கள் அவசரப்பட்டுத் தலையாட்ட மாட்டோம்.

பொது நேர்முகத்தை வீடியோவில் நடத்த முடியாது. மூலச் சான்றிதழைக் கையில் எடுத்து, முத்திரையைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்குத்தான் அந்த நாளே வைக்கப்படுகிறது. கெமராவுக்கு முன்னால் பிடித்த தாளை வைத்து அரச நியமனம் கொடு என்று கேட்பது நியாயமில்லை. செயன்முறைப் பரீட்சையையும் அப்படித்தான். வகுப்பறையில் நிற்கும் ஒருவரின் குரல் கடைசி வாங்கு வரை போகிறதா என்பதைத் திரையில் பார்க்க முடியாது, இதை ஆசிரியர்களாகவே சொல்கிறோம்.

கொரோனா காலத்து ஸூம் நமக்கு என்ன தந்தது என்பதையும் மறக்கக்கூடாது. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கும் தேயிலை மலை உச்சிக்கும் ஏறிய பிள்ளைகளை நாங்கள் அறிவோம். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். எல்லா நேர்முகத்தையும் வீடியோவுக்கு மாற்று என்று கேட்டால் முதலில் அடிபடப் போவது லயத்துப் பிள்ளைதான். நகரத்தில் பைபர் இணைப்போடு இருப்பவர் தெளிவாகப் பேசுவார், நம் பிள்ளையின் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நிற்கும்.

மிஞ்சுவது ஒன்றுதான்: புள்ளி போடும் வாய்மொழி நேர்முகம், அதுவும் விண்ணப்பதாரர் உண்மையாகவே நாட்டுக்கு வெளியே இருக்கும்போது. இதில் சபைகளின் பயம் ஆள்மாறாட்டம். பக்கத்தில் ஒருவர் இருந்து விடை சொல்லிக்கொடுப்பார் என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. ஜித்தாவில் நம் கொன்சல் நாயகம் அலுவலகம் இருக்கிறது. குவைத், தோஹா, அபுதாபியில் தூதரகங்கள் இருக்கின்றன. சென்னையில் துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. விண்ணப்பதாரர் கடவுச்சீட்டோடு அங்கே போக வேண்டும். ஒரு அதிகாரி ஆளை அடையாளம் பார்த்து, ஒரு அறையில் உட்கார வைத்து, அறையில் வேறு யாரும் இல்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும். பதினைந்து நிமிட வேலை. மூலச் சான்றிதழ்களை நாடு திரும்பிய பிறகு, நியமனத்துக்கு முன்னால் காட்டலாம்.

இது புதுமை அல்ல. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம், சாட்சி நீதிமன்றத்துக்கு வராமல் வேறிடத்தில் இருந்து ஒலி ஒளி இணைப்பில் சாட்சியம் சொல்ல வழி செய்தது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சாட்சியத்தைத் திரையில் கேட்க நம் சட்டம் இடம் தருகிறது. ஒருவரை இலிகிதராக எடுக்கலாமா என்று கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் இடமில்லையா?

"ஹஜ்ஜை அடுத்த வருடம் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, வேலை முக்கியமென்றால்" என்று மாற்று மதச் சகோதரர் ஒருவர் எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல, தெரியாமல். துல்ஹஜ் எட்டாம் பிறையிலிருந்து பதின்மூன்று வரை, வருடத்தில் அந்த ஆறு நாள்தான் ஹஜ். வேறு மாதத்தில் போனால் அது உம்ரா. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் இடம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. உம்மா இருப்பார் என்றும் யாரும் எழுதித் தருவதில்லை. சொன்னதும் அவர் விளங்கிக்கொண்டார்.

உம்ராவுக்கு இந்த வாதத்தை நாங்கள் வைக்கமாட்டோம். உம்ரா எந்த மாதத்திலும் போகலாம். போட்டிப் பரீட்சை முடிவு வந்து, நேர்முகம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்த பிறகும், ஏஜென்சிக்காரர் மலிவு என்று சொன்னார் என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கட் வாங்கிவிட்டு, பிறகு சபையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. துபாய்க்குச் சுற்றுலா போகிறவருக்கும் அதே பதில்தான். சபை எல்லோருக்கும் வளைந்து கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தன்னால் மாற்ற முடியாத பயணத்துக்கு, ஆதாரத்தோடு, முன்கூட்டியே கேட்டால், ஒரு தடவை மட்டும் என்று எழுத்தில் ஒரு விதி போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களிடம் படித்த ஒரு பிள்ளை, கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள், அப்பாவின் இருதய சத்திரசிகிச்சைக்காகத் திருச்சிக்குக் கூடப் போனாள். சத்திரசிகிச்சை நாளும் நேர்முக நாளும் ஒன்றாக விழுந்தது. அந்தப் பிள்ளைக்குக் கடிதம் வந்ததே தெரியாது. தோட்ட ஆபீஸ் மேசையில் கிடந்து, திரும்பி வந்த பிறகுதான் கிடைத்தது. விமான டிக்கட்டும் வைத்தியசாலைத் துண்டும் எல்லாம் கையில் இருந்தன. கேட்பதற்கான நாள் மட்டும் முடிந்திருந்தது. அழைப்பைக் கடிதத்தில் மட்டும் அனுப்பாமல், விண்ணப்பத்தில் நாம் எழுதிக்கொடுக்கும் அந்தக் கைபேசி இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினால் இந்தப் பத்து நாள் கதை பாதியாகக் குறையும். இலக்கத்தை ஏன் கேட்கிறார்கள் என்றே எங்களுக்கு விளங்கவில்லை.

நம் பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோபித்தாலும் பரவாயில்லை. தம்பியின் அந்த மூன்று நாளைத் தின்றது சபை அல்ல, நாம். யாரோ ஒருவரின் செக்ரட்டரியைத் தெரியும் என்பதை ஒரு தகைமையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அரசியல்வாதியின் கோல் கோப்பில் ஏறாது. நாளை மேன்முறையீட்டில் காட்டுவதற்கு அதில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்படியே அந்தக் கோல் வேலை செய்தாலும், அது இன்னொரு பிள்ளைக்கு அநியாயம் என்பதை நம் மிம்பரில் யாராவது ஒரு நாள் சொல்லலாம்.

நேர்முகத்தைத் தவறவிட்ட பிறகும் அதே கதைதான். பட்டியல் வந்ததும் "பாப்போம், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று ஆறு வாரம் ஓட்டினார்கள். அடிப்படை உரிமை மீறல் வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. ஹட்டனிலிருந்து ஒரு பதிவுத் தபால் செலவில் அதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று பலர் கேட்டதால் தம்பிக்கு எழுதியதையே சொல்கிறோம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உம்மாவின் வயதையும் வாப்பாவின் மௌத்தையும் பற்றிய பந்திகள் வேண்டாம். சுட்டெண், பதவி, அழைப்புக் கடிதத்தின் திகதி, அது கைக்குக் கிடைத்த திகதி ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். கிடைத்த திகதிக்கு ஆதாரமாக உறையின் தபால் முத்திரையைப் படம் எடுத்து இணைக்க வேண்டும், உறையை எறியவே கூடாது. அடுத்து வெளியேறும் நாள், திரும்பும் நாள், டிக்கட்டின் பிரதி. அதற்குக் கீழே கோரிக்கை: சபை கூடும் நாட்களில் இன்ன திகதிக்கு முன்னர் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் வரத் தயார், அது முடியாவிட்டால் திரும்பி வந்த பிறகு இன்ன நாள் முதல் வர முடியும். புள்ளி போடும் வாய்மொழி நேர்முகமாக இருந்தால் மட்டும், இன்ன நாட்டின் நம் தூதரகத்தில் இருந்து இணைய அனுமதி கேட்கலாம். கடைசியில், முடிவை எழுத்தில் தரும்படி ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்தால்தான் பிறகு எதையும் கேட்க முடியும்.

மின்னஞ்சலில் அனுப்பியதோடு நிற்காதீர்கள். நாட்டில் இருந்தால் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்க் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் கிடைத்த திகதியின் முத்திரையை வாங்குங்கள். தம்பி அந்தத் திங்கட்கிழமை செக்ரட்டரியைத் தேடிப் போன பஸ்ஸுக்குப் பதிலாக அந்த அலுவலகத்து பஸ்ஸில் ஏறியிருந்தால், மறுநாள் காலையிலேயே மேசை முன்னால் சான்றிதழோடு நின்றிருக்கலாம். மாற்றித் தந்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மறுத்திருந்தால், மறுத்தது எழுத்தில் இருந்திருக்கும்.

அடுத்த ஆட்சேர்ப்பின் நேர்முகங்கள் நெருங்குகின்றன. நம் கடைவீதியிலும் மேல் டிவிசனிலும் பலர் பரீட்சை முடிவோடு காத்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். வெள்ளி தவிர மற்ற நாட்களில் இஷாவுக்குப் பிறகு மண்டபம் திறந்திருக்கும். யாராக இருந்தாலும் வாருங்கள், உறையையும் கொண்டு வாருங்கள்.

தோட்ட ஆபீஸ்களில் வேலை செய்யும் நம் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அரச முத்திரையோடு ஒரு கடிதம் பையில் வந்தால் பெரட்டில் பெயர் கூப்பிடும் வரை வைத்திருக்காமல், அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

தம்பியின் மேன்முறையீட்டுக்கு இன்று வரை பதில் இல்லை. இப்போது வாப்பாவின் பழைய கடையில் உட்கார்ந்திருக்கிறார். நேற்றுப் போனபோது, அந்த உறையை இன்னும் லாச்சியில் வைத்திருப்பதாகக் காட்டினார்.